மூன்றாம் பக்கத்தில் நின்றுபோன கதை

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற சிறிய வாசகர் வட்டத்துக்கு ஒரு பெண் வருகிறாள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அந்தக் கடையை வைத்து ஒரு சிறுகதை எழுத வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன ஆண்டு ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் ஒரு கோணல் நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"கதை எழுதக் கத்துக்குடுக்கற புத்தகம் அஞ்சு படிச்சிட்டேன் அக்கா. கதை மட்டும் மூணு பக்கத்துக்கு மேல நகர மாட்டேங்குது."

அந்த ஐந்தும் என்னென்ன என்று கேட்டேன். ஸ்டீவன் கிங்கின் 'ஆன் ரைட்டிங்', ஆன் லமோட்டின் 'பேர்ட் பை பேர்ட்', ஜான் கார்ட்னரின் 'தி ஆர்ட் ஆஃப் ஃபிக்ஷன்', ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் த நாவல்', பிறகு தமிழில் ரா. கி. ரங்கராஜனின் 'எப்படிக் கதை எழுதுவது?'. ஒன்றுகூடச் சோடை இல்லை. ஆனால் வாங்கிய வரிசையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நாவல் படிப்பதுபோலப் படித்திருக்கிறாள். ஒன்றை முடித்ததும் கதையைத் திறக்காமல் அடுத்த புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். இந்த வகை நூல்களுக்கு இப்படி ஒரு போதை உண்டு. படிக்கும்போதே எழுதிக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். நானும் அதில் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொலைத்தவள்தான், அதனால் அவளைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை முதல் சிறுகதை எழுதுகிறவரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. ஃபார்ஸ்டருடையது 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளின் தொகுப்பு. கிங்கின் நூலில் கணிசமான பகுதி அவருடைய வாழ்க்கைக் கதை. 1999இல் சாலையோரம் நடந்துபோனபோது வேன் மோதி உயிர் பிழைத்தது வரை அதில் வருகிறது. லமோட் பெரும்பாலும் எழுதுகிறவரின் பயத்தோடு பேசுகிறார். முதல் படி மோசமாகத்தான் இருக்கும், இருக்கட்டும் என்று தோளில் தட்டிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இந்தப் பெண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. எழுதத் துணிந்து மூன்று பக்கம் எழுதியும் விட்டாள். கதை ஏன் நின்றது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதல் கதைகள் பெரும்பாலும் எங்கே நிற்கின்றன என்பதை வாசகர் வட்டத்தில் வந்த கையெழுத்துப் பிரதிகளில் கவனித்திருக்கிறேன். முதல் பக்கம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. பல வருடமாக மனத்தில் கிடந்த ஒரு காட்சி அது, இறக்கி வைத்தால் போதும். முடிவும் மங்கலாகக் கண்ணில் தெரியும். இரண்டாம் பக்கத்தில்தான் கை தடுமாறும். என்ன செய்வதென்று தெரியாதபோது, எழுதுகிறவர் பாத்திரத்தைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பழைய நினைவுகளுக்கு அனுப்பிவிடுவார். மூன்றாம் பக்கத்தில் நினைவிலிருந்து திரும்பி வரும்போது, அங்கே செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இந்த இடத்துக்கு உதவுகிற புத்தகம் அவளுடைய ஐந்தில் இல்லை. ஜார்ஜ் சாண்டர்ஸ் எழுதி 2021இல் வந்த 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் த ரெயின்'. சாண்டர்ஸ் அமெரிக்கச் சிறுகதைக்காரர். முதலில் எழுதிய நாவலுக்கு 2017இல் புக்கர் பரிசு பெற்றவர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக ருஷ்யச் சிறுகதைகளைப் பாடம் நடத்திவருகிறார். அந்த வகுப்பிலிருந்து பிறந்த புத்தகம் இது. செகாவின் கதைகள் மூன்று, டால்ஸ்டாயுடையவை இரண்டு, துர்கனேவ், கோகோல் ஒவ்வொன்று என ஏழு கதைகள் முழுதாக உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னும் சாண்டர்ஸின் நீண்ட பேச்சு வருகிறது.

முதல் கதையை மட்டும் அவர் வேறு மாதிரி கையாள்கிறார். செகாவ் 1897இல் எழுதிய, வண்டியில் ஊர் திரும்பும் ஓர் ஆசிரியையின் கதை அது. அதன் ஒரு பக்கத்தை மட்டும் தருகிறார். பிறகு படிப்பவரை நிறுத்தி மூன்று கேள்வி கேட்கிறார். இதுவரை உங்களுக்கு என்னென்ன தெரியும்? எதைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது? கதை எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? பதில்களைப் பேசிவிட்டு அடுத்த பக்கத்தைத் தருகிறார். கதை முடியும் வரை இதே நடைதான். முதல் தடவை படிக்கும்போது பொறுமை சோதிக்கப்படும். எனக்கும் நேராகக் கதையைப் படித்துவிடலாமே என்று இருந்தது. ஆனால் அந்த எரிச்சலிலேயே பாடம் இருக்கிறது. ஒரு பக்கம் முடிந்ததும் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அந்தத் தடையில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

அந்தக் கதையின் முதல் பக்கத்தில் வசந்தகாலக் காலை. சுற்றிலும் எல்லாம் அழகாக இருக்க, ஆசிரியை மரியாவுக்கு மட்டும் அதில் எதுவும் படவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக அதே பள்ளி, சம்பளம் வாங்க அதே சாலை. தனியாக, சலித்துப்போய் வருகிறாள். இவ்வளவையும் படித்ததும், இவளுக்கு ஏதாவது மாறுமா என்ற கேள்வி நமக்குள் தானாக எழுகிறது. சற்று நேரத்தில் கானவ் என்ற பணக்கார நிலக்கிழார் வண்டியில் வந்து சேர்கிறார். நாற்பது வயது மனிதர், பார்க்க லட்சணமானவர். உடனே நாம் மனத்துக்குள் கல்யாணம் பண்ணி வைத்துவிடுகிறோம்.

சாண்டர்ஸ் சுட்டிக்காட்டுவது இந்த இடத்தைத்தான். நாம் கல்யாணக் கணக்குப் போடுவோம் என்று செகாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் கானவைக் கொண்டுவந்தார். இப்போது அவர் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தால் நமக்குச் சப்பென்று ஆகும். நம் கணக்கைக் கவனிக்காமல் வேறு எதையாவது பேசினால் கதை அறுந்துவிடும். நம் எதிர்பார்ப்பை மதித்து, ஆனால் நாம் நினைத்ததைவிட உண்மையான ஒன்றைத் தர வேண்டும். மரியாவும் அந்த மனிதரைப் பற்றி யோசிக்கிறாள், யோசித்துவிட்டு அது நடக்காது என்றும் உணர்கிறாள். கானவ் வேறு பாதையில் பிரிந்து போய்விடுகிறார். அவர் வந்து போனதால் அவளுடைய தனிமை முதல் பக்கத்தில் இருந்ததைவிடக் கனத்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் கதையை ஒரு படி மேலே ஏற்றியாக வேண்டும், அதே படியில் நின்று சுற்றி வரக் கூடாது என்று சாண்டர்ஸ் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

ஜெராக்ஸ் கடைக் கதையை இந்த முறையில் படித்துப் பார்ப்போம் என்று இருவரும் நூலக வராந்தாவில் உட்கார்ந்தோம். அவள் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பக்கம் இது. செல்வி கடையைத் திறக்கிறாள். எதிரே பதிவு அலுவலகத்து வாசலில் கூட்டம். முதலாளி வந்து மெஷினில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். மாலையில் மறுபடி எண்ணைப் பார்ப்பார். இடையில் ஓடிய பிரதிகளுக்கு இரண்டு ரூபாய் வீதம் கல்லாவில் காசு இருக்க வேண்டும். வீணான தாளைக் குப்பையில் போடக் கூடாது, எடுத்துவைத்துக் காட்ட வேண்டும். யாருக்காவது சாட்சி அகப்படவில்லை என்றால் முதலாளியே எதிரே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார், அதற்கு ஒரு தொகை. பக்கத்தின் கடைசியில் ஒரு புரோக்கர் பதிவு முடிந்த கிரையப் பத்திரம் ஒன்றை நகல் எடுக்கத் தருகிறார். செல்வி ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைக்கிறாள். கடைசித் தாளில் சொத்து விவரம். செக்குபந்தியில் அவளுடைய தெருவின் பெயர் வருகிறது. அடுத்த வரியில் அவளுடைய வீட்டுக் கதவு எண்.

நான்கு ஆண்டு நின்று பார்த்தவளுக்கு மட்டுமே தெரிகிற விவரங்கள் இவை. எந்தப் புத்தகமும் இதைக் கற்றுத் தராது.

இரண்டாம் பக்கத்தில் செல்வி சிறுவயதில் அந்த வீட்டுத் திண்ணையில் விளையாடியதை நினைக்கிறாள். அப்பா கட்டிய வீடு, அம்மா நட்ட முருங்கை. மூன்றாம் பக்கத்தில் பாதி வரை முருங்கைதான். அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

முதல் பக்கத்தின் பின்புறத்தில் சாண்டர்ஸின் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதச் சொன்னேன். என்ன தெரியும்: அவள் வீடு விற்கப்பட்டிருக்கிறது. எதில் ஆவல்: விற்றது யார், அவள் இப்போது என்ன செய்வாள்? எங்கே போகும்: வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்பாள். எழுதி முடித்துவிட்டு அவளே இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். வாசகர் வாயைத் திறந்து நிற்கிற நேரத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருக்கிறது கதை.

பழைய நினைவே வரக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த இடத்தில் அது விடையாகவும் இல்லை, கேள்வியைக் கூர்மைப்படுத்தவும் இல்லை. பக்கம் சுமாராக எழுதப்பட்டிருந்தால் எடுப்பது எளிது. இது நன்றாக எழுதப்பட்ட பக்கம், அதனால் அவளுக்கு வலித்தது. நோட்டிலிருந்து கிழிக்கவில்லை, பேனாவால் குறுக்குக் கோடு மட்டும் போட்டாள்.

அப்படியானால் செல்வி என்ன செய்வாள்? வீட்டுக்குப் போய்க் கேட்பாள் என்பது எல்லோரும் போடுகிற கணக்கு. அதை உடனே நடத்தினால் ஒரு சண்டைக் காட்சி வரும், அழுகை வரும், கதை முடியும். இந்த இடத்தில் சாண்டர்ஸிடமிருந்து இன்னொரு பழக்கத்தைக் கடன் வாங்கினோம். படித்துக்கொண்டு வரும்போது கண்ணில் உறுத்துகிற, கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற விவரங்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டே வரச் சொல்கிறார் அவர். நல்ல கதை அவற்றைப் பின்னால் எடுத்துப் பயன்படுத்தும். பயன்படுத்தாவிட்டால் அவை ஏன் இருந்தன என்று வாசகர் கேட்பார். முதல் பக்கத்தில் வண்டியில் ஏறத் தகுந்தவை மூன்று: மெஷினில் ஓடும் எண், காட்ட வேண்டிய வீணான தாள், முதலாளியின் சாட்சிக் கையெழுத்து. வெறும் சூழல் வர்ணனையாக நினைத்துத்தான் அவள் அவற்றை எழுதியிருந்தாள்.

அடுத்த வாரம் புதிய இரண்டாம் பக்கம் வந்தது. புரோக்கர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். செல்வி கடைசித் தாளை இன்னொரு முறை ஓட்டி, கூடுதல் நகலை மடித்துத் தன் பைக்குள் வைத்துவிடுகிறாள். ஒரு தாள்தான், இரண்டு ரூபாய்தான். ஆனால் மெஷினின் எண் ஒன்று கூடிவிட்டது. மாலை வரை அந்த ஒன்று அவளோடு நின்றுகொண்டிருக்கிறது. தன் காசு இரண்டு ரூபாயைக் கல்லாவில் போட்டுவிடலாம். கையைப் பைக்குள் விடுகிறாள், அதற்குள் முதலாளி வந்துவிடுகிறார்.

மூன்றாம் பக்கத்தில் எண்ணைப் பார்த்து முதலாளி கேட்கிறார். "ஒரு காப்பி கூட ஓடியிருக்கே?"

"வீணாப்போச்சு அண்ணாச்சி."

"வீணானதை எடு, பாப்போம்."

இந்த ஒரு வரியை எழுதியபோது தனக்கே வயிற்றைக் கலக்கியதாகச் சொன்னாள். அவளை வேலைக்கு வைத்திருந்த கடையில் தினமும் கேட்ட சாதாரண வாக்கியம்தான். இப்போது செல்விக்கு அந்தத் தாளைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

இதற்குப் பிறகு முடிவைத் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டியில் இன்னும் ஒரு பொருள் மிச்சம் இருந்தது. சொத்து விவரம் இருக்கிற கடைசித் தாளின் அடியில்தான் சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். செல்வி கதவு எண்ணைப் பார்த்த அதிர்ச்சியில் அதற்குக் கீழே பார்க்கவே இல்லை. முதலாளி தாளை வாங்கிப் பிரிக்கிறார், படிக்கிறார், வீணான தாள் என்று சொல்லித் திருப்பித் தராமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். கணக்கு நோட்டில் ஒன்றைக் கழிக்கிறார். முதல் சாட்சி அவர்தான் என்று அப்போது செல்விக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. அப்பா எதிரே வந்து விற்றுவிட்டுப் போயிருக்கிறார். இவர் தெரிந்தே சாட்சி போட்டுவிட்டு, நாள் முழுவதும் அவளிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பாவோடு சண்டைக் காட்சி வரவே இல்லை. யாருக்கும் அது வேண்டியிருக்கவும் இல்லை.

இதைச் சாண்டர்ஸ் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. முதல் பக்கத்தில் அவள் அறியாமலே போட்டு வைத்திருந்ததை அந்த மூன்று கேள்விகள் எடுத்துக் காட்டின, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் எழுதி வைத்த பக்கத்தின்மேல்தான் வேலை செய்யும். வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு வாசகர் எதை எதிர்பார்ப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தால், திருப்பத்துக்காகத் திருப்பம் வைக்கிற கதைதான் வரும். அத்தகைய கதையைக் கண்டுபிடிப்பது எளிது. கடைசி வரியைப் படித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். அந்த முடிவுக்கான பொருள் அங்கே இல்லை என்றால் அது வெளியிலிருந்து ஒட்டியது.

முடிந்த கதை சுமார் 1,800 சொற்கள் இருந்தது. நீளம் என்று இருவருக்குமே பட்டது, எங்கே நீளம் என்றுதான் தெரியவில்லை. இதற்கு எடுத்துக்கொண்டது உர்சுலா லெ குவின் எழுதிய 'ஸ்டீரிங் த கிராஃப்ட்'. 1998இல் முதலில் வந்தது, 2015இல் திருத்திய பதிப்பு வந்தது. மெலிந்த புத்தகம், பத்தே அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் பயிற்சி உண்டு. கடைசி அத்தியாயத்துப் பயிற்சிக்கு அவரே வைத்த பெயரில், இது ஒரு கொடுமையான வேலை என்ற ஒப்புதல் இருக்கிறது. முன்பு எழுதிய ஒன்றை எடுத்து, சரிபாதியாகக் குறைக்க வேண்டும். பத்துச் சதவீதம் இல்லை, பாதி.

பத்துச் சதவீதக் கணக்கு கிங்குடையது. பள்ளிப் பருவத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பியபோது, இரண்டாம் படி என்பது முதல் படியில் பத்துச் சதவீதம் போக மிச்சம் என்று எழுதி அனுப்பினாராம். அனுபவம் உள்ளவருக்கு அது போதும். முதல் கதை எழுதுகிறவர் பத்துச் சதவீதம் குறைக்கச் சொன்னால் வாக்கியத்துக்கு ஒரு சொல்லாகக் கிள்ளி எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். பாதியைக் குறை என்றால் கிள்ளி முடியாது, ஒரு பத்தி ஏன் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். இது பயிற்சிதான். பாதியாக்கிய வடிவத்தையே அச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எதை எடுத்தபோது கதை தள்ளாடியதோ அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

அவள் 900 சொற்களுக்குக் கொண்டுவந்தாள். மூன்று வகை வரிகள் போயின. ஒன்று, பேச்சுக்குப் பின்னால் அதன் பொருளைச் சொல்லும் வரி. வீணானதை எடு என்று முதலாளி சொன்னதும், அவருடைய குரலில் சந்தேகம் தொனித்தது என்று எழுதியிருந்தாள். தொனித்தது நமக்கே கேட்டுவிட்டது. இரண்டாவது, 'என்று நினைத்தாள்' என்று முடியும் வரிகள். செல்வியின் கண்ணால்தான் முழுக் கதையும் நடக்கிறது, அவள் நினைத்தாள் என்று சொல்லாவிட்டாலும் அது அவள் நினைத்ததுதான். மூன்றாவது, கடையின் வர்ணனையில் பாதி. மூன்றாவதை மட்டும் எடுத்தபோது கதை தள்ளாடியது. மெஷின் சூட்டின் வாசனையும் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் நகர்வதும் இல்லாவிட்டால், கூடுதல் நகல் ஓடும் அந்த ஒரு நொடிக்கு நீளமே இருக்காது. அதைத் திரும்பச் சேர்த்தாள். 1,240 சொற்களில் நின்றது.

லெ குவினின் நூலில் இன்னொரு பயிற்சி தமிழுக்கு வரும்போது சிக்கலாகிறது. பெயரடையோ வினையடையோ இல்லாமல் ஒரு பக்கம் வர்ணனை எழுத வேண்டும் என்பது அது. ஆங்கிலத்தில் செய்யலாம். தமிழில் உடைந்த நாற்காலி, வந்த ஆள், ஓடும் எண் என்ற பெயரெச்சங்களையும் பெயரடைக் கணக்கில் சேர்த்தால் பேனாவை மூடிவிட வேண்டியதுதான். நம்முடைய வாக்கியம் அவற்றின்மேல்தான் நடக்கிறது. பெயரெச்சத்தை விட்டுவிடுங்கள், அதற்குள் ஒரு வினை இருக்கிறது. 'ஆன' என்றும் 'ஆக' என்றும் முடிகிறவற்றை மட்டும் தடை செய்யுங்கள் என்று அவளிடம் சொன்னேன். அழகான, பயங்கரமான, மெதுவாக, சோகமாக எல்லாம் போய்விடும். 'செல்வி பதற்றமாக நகலை மடித்தாள்' என்று இருந்தது, 'செல்வி நகலை நான்காக மடித்தாள், பிரித்தாள், எட்டாக மடித்தாள்' என்று ஆனது. இரண்டாவது வாக்கியத்திலும் 'ஆக' இருக்கிறது. ஆனால் அது எண்ணிக்கை, கண்ணால் பார்க்கலாம். பதற்றத்தைப் பார்க்க முடியாது.

ஆங்கில நூல்களிலிருந்து இப்படி ஒவ்வொரு விதியையும் சலித்துத்தான் எடுக்க வேண்டும். கார்ட்னரின் நூலில் கதை சொல்கிறவர் பாத்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வெகு தொலைவிலிருந்து ஆளைப் பார்ப்பதில் தொடங்கி அவன் தோலுக்குள் போவது வரை, ஒரே காட்சியை ஐந்து தூரங்களில் எழுதிக் காட்டுகிறார். நூலிலேயே சிறந்த பகுதி அதுதான் என்பேன். ஆனால் தமிழில் இந்தத் தூரத்தை அளக்க நமக்கு இன்னொரு கருவியும் இருக்கிறது, அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒருவரைக் கதை எப்படி அழைக்கிறது என்பதே தூரத்தைச் சொல்லிவிடும். அந்தப் பெண் முதல் படியில் முதலாளியைச் சில இடங்களில் பெயரிட்டு 'அவன்' என்றும், சில இடங்களில் 'கடை உரிமையாளர்' என்றும் எழுதியிருந்தாள். அவன் என்றால் சொல்பவர் செல்வியைவிட மேலே எங்கோ நிற்கிறார். உரிமையாளர் என்றால் ஏதோ அலுவலகக் கடிதம். செல்வி அவரை 'முதலாளி' என்றுதான் நினைப்பாள். கதை முழுக்க 'முதலாளி', 'அவர்' என்று மாற்றினாள். ஒரே ஒரு இடத்தில், அவர் தாளைச் சட்டைப் பைக்குள் வைக்கிற வாக்கியத்தில் மட்டும், 'வைத்துக்கொண்டான்' என்று எழுதிவிட்டு வந்தாள். தவறிப் போனதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதைத் தொடவில்லை.

தமிழ் நூல்களை ஒதுக்கிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குமுதத்தில் பல்லாண்டு பணியாற்றிய ரா. கி. ரங்கராஜன் அஞ்சல் வழியில் நடத்திய பாடங்களிலிருந்து வந்தது அவருடைய நூல். பத்திரிகைக் கதையின் அளவும் வேகமும் கைவர அது உதவும். அகிலனின் 'கதைக் கலை', ஜெயமோகனின் 'எழுதும் கலை' ஆகியவையும் கிடைக்கின்றன. தமிழ்க் கதைகளையே எடுத்துப் பேசுவதால் உதாரணங்கள் நெருக்கமாக இருக்கும். ஆனால் ஒரு கதையைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, வாசகர் மனத்தில் அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் புத்தகம் தமிழில் என் கையில் இன்னும் அகப்படவில்லை. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த, ஆனால் முடிவு மறந்துபோன ஒரு தமிழ்ச் சிறுகதையை நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக உங்களிடம் நீட்டச் சொல்லுங்கள். கு. அழகிரிசாமி கதைகள் இதற்கு நன்றாக ஒத்துவரும். அவர் ஒரு பக்கத்தில் எவ்வளவு சத்தமில்லாமல் எதிர்பார்ப்பை ஏற்றுகிறார் என்று அப்போதுதான் புலப்படும்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் சாண்டர்ஸ். இரண்டாவதற்கு இடம் இருந்தால் லெ குவின். கிங்கின் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, கடைசிப் பகுதியில் அவர் தன் கதையொன்றின் திருத்தாத படியையும் பேனாவால் அடித்துத் திருத்திய படியையும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கும் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். நீளமான பெயர் வைத்திருந்த ஒரு பாத்திரத்துக்குச் சின்னப் பெயர் வைத்தது வரை காரணம் சொல்கிறார். கார்ட்னரும் ஃபார்ஸ்டரும் மூன்றாவது நான்காவது கதைக்குக் காத்திருக்கலாம்.

எதை வாங்கினாலும் கதை பாதியில் நிற்கும்வரை திறக்காதீர்கள். நின்றதும், எழுதிய முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் அந்த மூன்று கேள்விகளையும் எழுதுங்கள். பதில்களை நீங்களே எழுத வேண்டாம். கதையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அந்த ஒரு தாளை மட்டும் கொடுத்துக் கேட்டு எழுதுங்கள்.